தூக்கம் கெட்ட மறுநாள் மட்டும் பழம்பொரிக் கடை ஏன் கண்ணிலேயே நிற்கிறது?

வேலந்தாவளம் வண்டிக்காரன்

வணக்கம். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்தது. நான் வேலந்தாவளம் சந்தையிலிருந்து திருச்சூருக்குக் காய்கறி லோடு ஓட்டுகிறேன், வாரத்துக்கு மூன்று நாள். லோடு நாளில் இரவு பத்தரைக்குப் படுத்து ஒன்றேமுக்காலுக்கு எழுந்திருக்க வேண்டும், ஆக மூன்று மணி நேரத் தூக்கம்தான். மற்ற நாட்களில் ஏழு மணி நேரம் நன்றாகத் தூங்குவேன்.

லோடு இல்லாத நாளில் எனக்கு இனிப்பு ஞாபகமே வராது. தீபாவளிக்கு வந்த மைசூர்பாகு டப்பாவிலேயே கெட்டுப் போகும், வீட்டில் திட்டு விழும். லோடு நாளில் மட்டும் மதியம் வயிறு நிறையச் சோறு சாப்பிட்டும் நான்கு மணிக்குக் கால் தானாக கொழிஞ்சாம்பாறை டீக்கடைக்குப் போகிறது. மூன்று பழம்பொரி, இரண்டு டீ. போன வாரம் அதோடு ஒரு துண்டு அல்வாவும் போனது. பசி இல்லை, அதுதான் விஷயம். வயிறு நிறைந்திருக்கிறது, வாய் கேட்கிறது.

சர்க்கரை இறங்கிவிடுகிறதோ என்று அப்பாவின் சுகர் மிஷினில் பார்த்தேன். லோடு நாள் காலை வெறும் வயிற்றில் 101, நான்கு மணிக்கு வாய் ஊறும் நேரத்தில் 112. சாதாரண நாள் காலையில் 93, நான்கு மணிக்கு 104. இறங்கவில்லையே, ஏறியல்லவா இருக்கிறது? அப்புறம் எதற்கு இனிப்பு கேட்கிறது?

ஜிம்முக்காரன்

இது ரொம்பச் சாதாரண விஷயம் அண்ணா. பசியைத் தூண்டுகிற ஹார்மோன் கிரெலின், போதும் என்று சொல்கிற ஹார்மோன் லெப்டின். தூக்கம் கெட்டால் முதலாவது ஏறும், இரண்டாவது இறங்கும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 2004-இலேயே சோதித்துவிட்டார்கள். இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டதில் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது, கிரெலின் 28 சதவீதம் கூடியது. மாவும் இனிப்புமாகக் கேட்டார்கள். ஹார்மோன்தான் காரணம், கேஸ் முடிந்தது. காலையில் புரோட்டீன் ஏற்றுங்கள், சரியாகிவிடும்.

ஓய்வுபெற்ற தபால்காரர்

எங்கள் காலத்தில் இதற்குச் சூடு என்று பெயர். ராக்கண் முழித்தால் உடம்பு சூடாகும், சூட்டுக்கு இனிப்புக் கேட்கும். அந்தி நேரத்தில் ஒரு இளநீர் குடித்துவிட்டு, ராத்திரி நல்லெண்ணெயை உச்சியில் வைத்துப் படுத்தால் போதும். மிஷின் எல்லாம் எதற்கு தம்பி.

மீனாட்சிபுரம்

எங்கள் அம்மாவுக்கும் இதே பிரச்சினைங்க. 68 வயசு, சுகர் மாத்திரை சாப்பிடுகிறார்கள். ராத்திரி இரண்டு மணி, மூன்று மணிக்கு எழுந்து சமையலறைக்குப் போய் வெல்லத்தை எடுத்து வாயில் போடுகிறார்கள். கேட்டால் “தூக்கமே வரல, இனிப்பு வேணும்போல இருக்கு” என்கிறார்கள். காலையில் தலைவலி வேறு. சுகர் இருக்கிறவர்கள் இப்படித் திருட்டுத்தனமாகத் தின்னலாமா என்று நானும் அண்ணியும் வெல்ல டப்பாவை மேலே ஏற்றி வைத்துவிட்டோம். தூக்கத்துக்கு ஏதாவது மருந்து கொடுத்தால் இந்த இனிப்பு ஆசையும் போய்விடுமா?

பாரதப்புழை

மற்றதெல்லாம் அப்புறம். மீனாட்சிபுரம், முதலில் அந்த வெல்ல டப்பாவைக் கீழே இறக்கி அம்மா கைக்கு எட்டுகிற இடத்தில் வையுங்கள். இப்போதே.

வண்டிக்காரர் கேட்டதும் நீங்கள் சொல்வதும் ஒன்றல்ல, தலைகீழ். அவருக்குத் தூக்கம் கெடுவதால் இனிப்பு கேட்கிறது. உங்கள் அம்மாவுக்கு இரவில் சர்க்கரை இறங்குவதால் தூக்கம் கெடுகிறதோ என்று எனக்குச் சந்தேகம். மாத்திரையின் பெயர் என்ன? கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி ஏதாவது அதில் இருக்கிறதா? மெட்ஃபார்மின் மட்டும் என்றால் இப்படி இறங்குவது அபூர்வம். எழுந்திருக்கும்போது வியர்த்திருக்கிறதா, ஜாக்கெட் நனைந்திருக்கிறதா, கை நடுங்குகிறதா, கெட்ட கனவு என்கிறார்களா? இன்று இரவு எழுந்தால் வாயில் எதையும் போடும் முன் விரலில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மிஷின் கையில் இல்லை, ஆனால் வியர்வையும் நடுக்கமும் இருக்கிறது என்றால் பார்க்காமலே கொடுங்கள். மைசூர்பாகு, சாக்லேட் வேண்டாம். அதிலுள்ள நெய்யும் கொழுப்பும் சர்க்கரை ரத்தத்துக்குப் போவதைத் தாமதமாக்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், எண்ணைக் குறித்துக்கொண்டு காலையிலேயே டாக்டரிடம் போங்கள். தூக்க மருந்துப் பேச்சே எடுக்க வேண்டாம், அதைக் கொடுத்தால் அவர் எழுந்து வெல்லம் எடுப்பதும் நின்றுவிடும்.

வண்டிக்காரருக்கு இரவு எழுதுகிறேன், வகுப்பு இருக்கிறது.

மீனாட்சிபுரம்

ஐயோ. மாத்திரை அட்டையில் கிளிமிபிரைடு என்றுதான் போட்டிருக்கிறது அக்கா, கூட மெட்ஃபார்மினும். வியர்க்கும், ஆமாம். மின்விசிறி போதவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். இன்று இரவு பார்க்கிறேன்.

நகரி நெசவு

நான் நகரி, விசைத்தறியில் ராத்திரி ஷிஃப்ட். எனக்கு இனிப்பெல்லாம் கேட்காது சாமி. விடிய விடியத் தறியோட்டி வந்தால் மறுநாள் சாயங்காலம் மிளகாய் பஜ்ஜியும் பகோடாவும்தான். அதனால் “இனிப்பு” என்று நீங்கள் சொல்வதே தப்போ என்று தோன்றுகிறது. இன்னொன்று, சிகாகோவில் பையன்களைப் படுக்கையில் கட்டிப்போட்டு அளந்ததை வைத்து நம்மைப் பற்றி என்ன சொல்ல முடியும்? அவர்களுக்கு லோடு ஏற்றுகிற வேலையா, தறியா?

பாரதப்புழை

நகரிக்காரர் சொன்ன இரண்டிலும் விஷயம் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டே வண்டிக்காரருக்கும் சொல்லிவிடுகிறேன். நான் பாலக்காட்டில் நர்சிங் மாணவிகளுக்கு உடலியங்கியல் எடுப்பவள், இந்தக் கேள்வி ஒவ்வொரு வருஷமும் நைட் டூட்டி தொடங்கும் மாசத்தில் வகுப்பிலேயே வரும்.

முதலில் உங்கள் எண்கள். 101-க்கும் 93-க்கும் உள்ள வித்தியாசத்தைத் தூக்கிப் போடுங்கள். வீட்டு மிஷினுக்கே 15 வரை அங்கே இங்கே காட்ட அனுமதி உண்டு, ஒரே சொட்டு ரத்தத்தை இரண்டு தடவை பார்த்தாலே அவ்வளவு மாறலாம். அதனால் “ஏறியிருக்கிறது” என்று சொல்ல முடியாது. ஆனால் “இறங்கவில்லை” என்று தைரியமாகச் சொல்லலாம், 112 எந்தக் கணக்கிலும் குறைவில்லை. மூளைக்குச் சர்க்கரை போதாமல் கெஞ்சுகிறது என்று ஊரெல்லாம் சொல்லும் கதை அங்கேயே விழுந்துவிட்டது. அதை விரல் நுனியில் குத்தி நீங்களே கண்டுபிடித்திருக்கிறீர்கள். உண்மையில் தூக்கம் குறைந்த மறுநாள் உடம்பு சர்க்கரையைக் கையாளுவதில்தான் மந்தமாகிறது. நெதர்லாந்தில் 2010-இல் ஆரோக்கியமான ஒன்பது பேரை ஒரே ஒரு இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்ததில், இன்சுலினுக்கு உடம்பு கீழ்ப்படிவது கால்வாசி குறைந்திருந்தது. ரத்தத்தில் சர்க்கரை இருக்கிறது, உள்ளே போவதுதான் தாமதம்.

விழித்திருந்ததால் கூடச் செலவான சக்தியை ஈடுகட்டக் கேட்கிறதோ என்றால், அதுவும் கொஞ்சம்தான். ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காமல் படுக்கையில் கிடந்தாலே கூடுதல் செலவு சுமார் 130 கலோரிதான். நீங்கள் லோடு ஏற்றுவது தனி, அதற்கான பசி பசியாகவே வரும். உங்களுக்கு வருவது பசி இல்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நீங்கள் எழுதியதிலேயே எனக்குப் பிடித்த வரி அதுதான்.

ஜிம்முக்காரத் தம்பி சொன்ன ஹார்மோன் சோதனை நிஜம், எண்களும் சரி. ஆனால் அது 12 இளைஞர்கள். பிறகு வந்த சோதனைகளில் சிலதில் அப்படியே வந்தது, சிலதில் லெப்டின் மாறவே இல்லை, சிலதில் கூடக்கூடச் செய்தது. அதனால் “கேஸ் முடிந்தது” என்று எழுதியதை மட்டும் அழித்துவிடலாம்.

ஜெர்மனியில் கொலோன் பக்கம் ஒரு சோதனை செய்தார்கள், 2019-இல் வந்தது. ஒல்லியான 32 ஆண்கள், எல்லோருக்கும் ஒரே ராச்சாப்பாடு. ஒரு ராத்திரி தூங்கவிட்டார்கள், இன்னொரு தடவை விடிய விடிய முழிக்க வைத்தார்கள். காலையில் நொறுக்குத்தீனிப் படங்களையும், தின்ன முடியாத சின்னச் சின்னப் பொருட்களின் படங்களையும் காட்டி, “இதற்கு எவ்வளவு காசு கொடுப்பாய்” என்று கேட்டார்கள். பசி இரண்டு நாளும் ஒரே மாதிரிதான். ஆனால் முழித்த நாளில் தீனிக்கு மட்டும் விலை ஏறியது, மற்ற பொருட்களுக்கு ஏறவில்லை. கிரெலினும் ஏறித்தான் இருந்தது, ஆனால் யாருக்கு அதிகம் ஏறியதோ அவர்தான் அதிகக் காசு சொன்னார் என்று இல்லை. மூளையில் ஆசையின் விலையைப் போடுகிற பகுதி சூடாகியிருந்தது. தபால்காரர் ஐயா, உங்கள் சூடு வேண்டுமானால் இங்கே இருக்கிறது.

இதற்கு முன்பே 2013-இல் கலிஃபோர்னியாவில் பெர்க்லியில் 23 பேரை வைத்துப் பார்த்ததும் இதே திசைதான். ஒரு ராத்திரி முழித்தவர்களுக்கு, யோசித்து வேண்டாம் என்று சொல்கிற முன்மூளைப் பகுதி மங்கியிருந்தது, ஆசைப் பகுதி எகிறியது. அங்கேயும் ஏறியது இனிப்பு மட்டுமில்லை, கலோரி கனமான எல்லாமே. அதனால்தான் வண்டிக்காரருக்குப் பழம்பொரி, நகரிக்காரருக்கு மிளகாய் பஜ்ஜி. இரண்டும் எண்ணெயில் பொரித்த மாவுதானே? எது கேட்கும் என்பது நாக்குப் பழக்கம், வழியில் எந்தக் கடை இருக்கிறது என்பது. சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் டீயோடு இனிப்பு என்பது நம் பாலக்காட்டுப் பக்கத்தில் பிறவிப் பழக்கம்.

ஜிம்முக்காரன்

சரி அக்கா, அழித்துவிடலாம். ஆனால் மத்தியானம் சாப்பிட்டும் ஏன் நான்கு மணிக்கு என்று அவர் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லையே. காலையில் ஏன் வரவில்லை?

பாரதப்புழை

நல்ல கேள்வி. இதற்கும் சிகாகோவிலேயே ஒரு விஷயம் இருக்கிறது. கஞ்சா நம் உடம்பில் எந்தப் பூட்டில் போய் மாட்டுமோ அதே பூட்டுக்கு உடம்பே ஒரு சாவி செய்துகொள்கிறது, சாப்பாட்டின் ருசியைத் தூக்கிக் காட்டுவது அதன் வேலைகளில் ஒன்று. அது காலையில் குறைவாக இருந்து மதியத்தை ஒட்டி ஏறி, பிறகு இறங்கும். 2016-இல் 14 இளம் வயதினரை நான்கு இரவு நாலரை மணி நேரம் மட்டும் தூங்கவிட்டபோது அந்த ஏற்றம் மூன்றில் ஒரு பங்கு கூடியது, அதுவும் மதியத்தில் இறங்காமல் இரவு வரை இழுத்தது. பெரிய சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை, ஆனாலும் சிப்ஸையும் மிட்டாயையும் விடவில்லை. உங்கள் நான்கு மணி அதற்குள் அழகாக உட்காருகிறது. ஆனால் நீங்கள் எழுவதே ஒன்றேமுக்காலுக்கு. உங்கள் உடம்புக் கடிகாரம் அந்தப் பிள்ளைகளுடையதோடு ஒத்துப்போகும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

வேலந்தாவளம் வண்டிக்காரன்

அக்கா, இதைக் கிளினிக்கில் யாரும் சொன்னதில்லை. எனக்கு இப்போதுதான் ஒன்று உறைத்தது, டீ. லோடு நாளில் எத்தனை டீ என்று நேற்று எண்ணினேன். கிளம்பும்போது ஒன்று, ஆலத்தூரில் ஒன்று, திருச்சூர் மார்க்கெட்டில் இறக்கும் வரை இரண்டு, திரும்பும்போது குதிரான் தாண்டி ஒன்று, சாயங்காலம் இரண்டு. ஏழு. ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை.

பாரதப்புழை

பதினாலு ஸ்பூன், ஸ்பூனுக்கு ஐந்து கிராம் என்று வைத்தாலும் 70 கிராம். பழம்பொரிக்கு முன்னாடியே பாதிக் கூத்து முடிந்துவிட்டது! டீயில் இன்னொரு வம்பு, சாயங்காலம் நான்கு மணி டீயின் காஃபின் பாதிதான் இரவு ஒன்பது, பத்துக்குள் உடம்பிலிருந்து போகும். நீங்கள் பத்தரைக்குப் படுக்க வேண்டிய ஆள். கிடைப்பதே மூன்று மணி நேரம், அதையும் அது அரிக்கிறது, மறுநாள் இன்னும் டீ. சாயங்கால இரண்டை மட்டும் வெட்டிப் பாருங்கள். தூக்கக் கலக்கத்தில் ஸ்டியரிங் பிடிக்கிறவருக்குக் காலை டீயை வெட்டு என்று சொல்ல மாட்டேன்.

நகரி நெசவு

என் இரண்டாவது கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. எல்லாம் ஆய்வகக் கதைகள்.

பாரதப்புழை

மறக்கவில்லை. அதற்கும் ஒன்று உண்டு, 2022-இல் வந்தது. 80 பேர், அவரவர் வீட்டில், அவரவர் வேலையோடு. எல்லோரும் கொஞ்சம் எடை கூடியவர்கள், ஆறரை மணிக்கும் குறைவாகத் தூங்குகிறவர்கள். பாதிப் பேருக்குத் தூங்கும் பழக்கத்தைப் பற்றி மட்டும் ஆலோசனை. உணவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, டயட் இல்லை. சராசரியாக ஒரு மணி பத்து நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே தூக்கம் கூடியது. தின்பது, மற்ற பாதிப் பேரோடு ஒப்பிட்டால், நாளைக்கு சுமார் 270 கலோரி குறைந்தது. அவர்கள் சொன்னதை நம்பி எழுதவில்லை, சிறுநீரில் அளக்கிற முறை. ஆனால் இரண்டே வாரம்தான் பார்த்தார்கள். தறிப்பட்டறையில் இரவு முழுக்க நிற்கிறவரைச் சேர்க்கவில்லை, அதில் நீங்கள் சொல்வது சரிதான். பகலில் தூங்குகிறவரின் கணக்கு வேறாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

ஓய்வுபெற்ற தபால்காரர்

270 கலோரி என்றால் எத்தனை பழம்பொரி?

பாரதப்புழை

நேந்திரம்பழத்தின் அளவும் எண்ணெயும் பொறுத்தது ஐயா. ஒன்றரை, இரண்டு என்று வையுங்கள்.

மீனாட்சிபுரம்

நேற்று ராத்திரி 2.50-க்கு அம்மா எழுந்தார்கள். கழுத்தெல்லாம் வியர்வை. மிஷினில் 58. கை நடுங்கியதில் எனக்கு ஸ்ட்ரிப்பே சரியாகப் போகவில்லை, இரண்டாவது ஸ்ட்ரிப்பில்தான் வந்தது. மூன்று ஸ்பூன் சர்க்கரை கரைத்துக் கொடுத்தேன், 15 நிமிடத்தில் 86. காலையில் டாக்டரிடம் போனோம். ராத்திரிச் சாப்பாடு என்ன என்று கேட்டார், ஒரு டம்ளர் கஞ்சிதான் என்றோம். பல் வலியில் இரண்டு மாசமாக அப்படித்தான். மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே போய்க்கொண்டிருந்திருக்கிறது. அளவைக் குறைத்திருக்கிறார், கிட்னிக்கு ரத்தப் பரிசோதனையும் எழுதியிருக்கிறார். வெல்ல டப்பா அம்மா தலைமாட்டில் இருக்கிறது. “நீங்க எல்லாம் என்னைத் திருடின்னு சொன்னீங்களே” என்று காலையிலிருந்து ஒரே பேச்சு.

ஜிம்முக்காரன்

அப்பா. நல்ல நேரத்தில் பார்த்தீர்கள்.

வேலந்தாவளம் வண்டிக்காரன்

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். ஆறு லோடு நாள். செய்தது இரண்டே மாற்றம். திரும்பி வந்து பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட்டதும் வண்டியிலேயே அலாரம் வைத்து 25 நிமிடம் படுத்தேன், சாயங்கால டீயை மோராக மாற்றினேன். ஜிம்முத் தம்பிக்காகக் காலையில் இரண்டு முட்டையும் சாப்பிட்டேன், அதோடு சேர்த்தால் மூன்று.

ஆறில் நான்கு நாள் டீக்கடைப் பக்கம் போகவில்லை. ஒரு நாள் ஒரே ஒரு பழம்பொரி. ஒரு நாள் நான்கு பழம்பொரி, அன்றைக்கு மழையில் தக்காளி லோடு பாதி நசுங்கிப் போய் கமிஷன் கடையில் சண்டை. அது தூக்கத்தின் கணக்கா, சண்டையின் கணக்கா தெரியவில்லை. இன்னொரு குழப்பம், போகாத நான்கில் இரண்டு நாள் கடை மூடியிருந்தது. திறந்திருந்தால் போயிருப்பேனா என்று மனசைக் கேட்டால் பதில் சொல்ல மாட்டேன் என்கிறது.

பாரதப்புழை

மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது, என் மாணவிகளும் இதே தப்பைத்தான் செய்வார்கள். அடுத்த இரண்டு வாரம் முட்டையை விட்டுவிட்டு மதியத் தூக்கத்தை மட்டும் வைத்துப் பாருங்கள். முட்டையால் இந்த ஆசை அடங்கும் என்பதற்கு நான் உறுதி தர மாட்டேன். மதியக் குட்டித் தூக்கத்துக்கும் முழு உறுதி இல்லை, ஆனால் வண்டி ஓட்டுகிறவருக்கு அது எப்படியும் நல்லது. கடை மூடியிருந்த நாளையும் குறித்து வையுங்கள், அது சும்மா விஷயமில்லை. முன்மூளை மங்கியிருக்கும் நாளில் மன உறுதியை நம்புவதைவிட வேறு தெரு வழியாக வீட்டுக்குப் போவது சுலபம்.

ஜிம்முக்காரன்

அப்போது முட்டை வீண் என்கிறீர்களா?

பாரதப்புழை

வீண் என்று எங்கே சொன்னேன்? தெரியாது என்றேன்.

நகரி நெசவு

நான் பகலில் தூங்குகிறவன், தறிச் சத்தத்தில் துண்டு துண்டாக ஆறு மணி நேரம் வரும். அதைத் தூக்கம் கெட்டது என்று எடுப்பதா, இல்லையா? யாராவது ராத்திரி ஷிஃப்ட்காரர்கள் இருந்தால் மிஷின் எண்ணோடு எழுதுங்கள். நானும் ஒரு மிஷின் வாங்கப் போகிறேன். புத்தூர் பக்கம் ஸ்ட்ரிப் மலிவாக எங்கே கிடைக்கும்?